பத்து மணி ஸ்டோரி

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எந்த ல எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை குழப்பம். வாயிலேயே மூன்றும் ஒன்றாகத்தான் வருகிறது, பேனாவில் எப்படிப் பிரியும்? இதை அச்சுக்குத் தயார் செய்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நடந்ததைத் திருத்த வேண்டாம்.

செஞ்சியில் ஒரு கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். லென்சை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. கடையின் பின்பக்கம் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மிஷின். அது எனக்கு வசதி. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. யாராவது எட்டிப் பார்த்து ஏதாவது கேட்டால் எனக்குக் காது சிவந்துவிடும்.

அப்படிப்பட்டவனிடம்தான் கடையின் ஸ்டோரி வேலை வந்து சேர்ந்தது. போனில் கடைக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஸ்டோரி என்று ஒரு படம் போட்டால் இருபத்து நான்கு மணி நேரம் இருக்கும், பிறகு தானாக மறைந்துவிடும். புது ஃபிரேம் வந்தால், கடைக்கு லீவு என்றால், ஒரு படம் போடுவோம். முன்பு முன்மேசையில் வேலை செய்கிற அனந்தபுரத்துப் பெண், நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், அதுதான் போட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் வந்தால் மறந்துவிடும். ஞாயிறு லீவு என்ற படம் ஞாயிறு மதியம் போகும். முதலாளி ஒருநாள் சொன்னார்: "டாண்ணு எட்டரைக்கு ஷட்டர் தூக்குற ஆளு நீ ஒருத்தன்தான்யா. இனிமே நீ போடு."

முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம் என்று தங்கச்சி காட்டிக்கொடுத்தது. படத்தைத் தேர்ந்தெடுத்து, தேதி நேரம் வைத்து, நீலப் பட்டனை அழுத்தினால் போதும். அந்த நேரம் வந்ததும் நாம் தூங்கினாலும் அது போய்விடும். எனக்கு அது பிடித்துப் போனது. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து வாரம் முழுவதுக்கும் வைத்துவிடுவேன். எதை எப்போது வைத்தேன் என்று லென்ஸ் ஆர்டர் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொள்வேன்.

அதைவிடப் பிடித்தது, யார் பார்த்தார்கள் என்று பார்ப்பது. ஸ்டோரியைத் திறந்து மேலே தள்ளினால் பார்த்தவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். முதலாளி தன் போனில் பத்து தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, ஆளு ஏறவே இல்ல?" என்பார். அவர் பத்து தரம் பார்த்தாலும் பெயர்ப் பட்டியலில் அவர் ஒரு ஆள்தான். இதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நான் பேசிப் புரிய வைக்கவில்லை. நோட்டைக் காட்டினேன், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை பேர் என்று எழுதி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிப் படத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். மிஷின் ஓட்டுகிற ஆள் இதைக் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

போன ஆவணியில் கடை சார்பில் இலவசக் கண் முகாம் வைத்தோம். வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். புரை முற்றியவர்களை அன்றே வேனில் அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாள் கொண்டுவந்து விடுவார்கள். செலவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பம். பெயர் பதிவு பத்து மணியோடு முடியும். வேன் பதினொன்றரைக்குக் கிளம்பும். அதை விட்டால் அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. இடம், திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம்.

அந்த வாரம் திங்கட்கிழமை முகாமுக்கு மூன்று ஸ்டோரி வைத்தேன். வியாழன் மாலை ஏழு, வெள்ளி மாலை ஏழு, சனி காலை பத்து. நோட்டைப் பார்த்த முதலாளி சனிக்கிழமையில் விரலை வைத்தார்.

"யோவ், சனிக்கிழமை ஒம்போதுலருந்து பத்தரை ராகு காலம்."

"பத்து மணிக்குத்தான் சார் நெறய பேரு பாக்கறாங்க."

"பாக்கறவன் பாப்பான். ராகு காலத்துல கண்ணு விசயம் வேணாம். ஏழரைக்கு வையி."

நோட்டில் பத்து மணி வரியைக் கோடு போட்டு அடித்தேன். கீழே ஏழரை என்று எழுதி, போனில் ஏழரைக்குப் புதிதாக ஒன்று வைத்தேன். போனில் இருந்த பத்து மணிப் படத்தை அழிக்கவில்லை. மறந்துவிட்டேனா, அழிக்க மனசு வரவில்லையா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். மறந்தேன் என்றுதான் முதலாளியிடம் சொன்னேன். இங்கே சொல்கிறேன்: எனக்கே தெரியாது.

புதன்கிழமை மண்டபத்து மேனேஜர் போன் செய்து, அந்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்றார். முதலாளி கத்தித் தீர்த்துவிட்டு, திண்டிவனம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பேசி வாங்கினார். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. தங்கச்சி புதுப் படம் செய்து கொடுத்தது. நான் நோட்டைத் திறந்துவைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் போனில் இருந்த பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். வியாழன், வெள்ளி, சனி ஏழரை. கோடு போட்டு அடித்த வரியை யார் பார்ப்பார்கள்?

சனிக்கிழமை காலையிலிருந்து மிஷின் நிற்கவில்லை. முகாமில் கொடுக்க முப்பது கண்ணாடி. தூள் படும் என்று போனை டிராயரில் வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கை கழுவிவிட்டு, ஏழரைப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதுவதற்காகப் போனை எடுத்தேன். பள்ளிக்கூடத்துப் படம் ஓடியது. அது முடிந்ததும் இன்னொரு படம் வந்தது. கல்யாண மண்டபம், திருவண்ணாமலை ரோடு. இரண்டு மணி நேரமாக அது அங்கே இருந்திருக்கிறது.

புதியதற்குப் பின்னால் பழையது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பள்ளிக்கூடம் என்றார்கள், இப்போது மறுபடியும் மண்டபத்துக்கே மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். கடைசியாக வந்ததைத்தானே நம்புவார்கள்.

முன்பக்கம் போய்ப் போனை மேசையில் வைத்தேன். தங்கச்சி எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, இன்னாண்ணா இது? மண்டபம் எங்கருந்து வந்துச்சி?"

முதலாளி ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்தார். "டெலிட் பண்ணுய்யா! மொதல்ல டெலிட் பண்ணு!" என்று போனுக்குக் கையை நீட்டினார்.

நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

"வேணாம் சார். டெலிட் பண்ணா யாரு பாத்தாங்கன்ற லிஸ்டும் போயிடும்."

"அது இன்னாத்துக்கு இப்ப?"

"அவங்களுக்குத்தான சார் சொல்லணும்."

முதலாளி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எண்பத்தாறு பேர் பார்த்திருந்தார்கள். தங்கச்சி என் கையிலிருந்து போனை வாங்கி, பட்டியலைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் எண்பத்தெட்டு ஆனது. புதிதாக ஏறிய இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்த பிறகுதான் அழித்தோம்.

"ராகு காலத்துல போனா இப்பிடித்தான் ஆவும்," என்றார் முதலாளி. "நான் சொன்னனா இல்லியா?"

"சார், திட்றத அப்பறமா திட்டுங்க," என்றது தங்கச்சி. "ஒன்றரைக்கு எமகண்டம் வேற வருது. அதுக்குள்ள சரியானத போட்ருவோம்."

பன்னிரண்டரைக்குத் திருத்தம் போனது. பெரிய எழுத்தில், முகாம் பள்ளிக்கூடத்தில்தான், மண்டபத்தில் இல்லை, தவறுக்கு மன்னிக்கவும் என்று. இது ஞாயிறு பன்னிரண்டரை வரை இருக்கும். முகாம் முடிகிற வரைக்கும் போதும். கடையில் முன்பே பெயர் கொடுத்திருந்த நாற்பது பேருக்கும் தங்கச்சி போன் செய்தது. ஆனால் பெயர் கொடுக்காமல் நேராக வருகிறவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்களுடைய நம்பர் எங்களிடம் இல்லை.

நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எண்பத்தெட்டுப் பெயர்களையும் எழுதினேன். இங்கிலீஷ் எழுத்துகளை லென்ஸ் பெட்டியில் பார்த்துப் பழகியதால், பார்த்துப் பார்த்து வரைந்தேன். வாயில் நுழையாத பெயர்கள். சிலருடைய பெயரில் பாதி எண்கள். பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்தில் இருந்த படத்தையும் குறித்துக்கொண்டேன். ஒருவருக்கு நடிகர் முகம், ஒருவருக்கு லாரி, ஒருவருக்கு வெறும் ரோஜாப்பூ.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். திருத்தத்தைப் பார்த்தவர்களின் பட்டியலைத் திறப்பது, அதில் வருகிற பெயர் என் பக்கத்தில் இருந்தால் அடிப்பது. ஒரு மணிக்குப் பதினொரு பெயர் அடித்தேன். இரண்டு மணிக்கு இருபத்தாறு. திருத்தத்தைப் புது ஆட்கள் நிறையப் பேர் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் வேண்டாம். தவறைப் பார்த்த அதே ஆள்தான் வேண்டும்.

"சாப்டியாண்ணா?" என்று தங்கச்சி கேட்டது. சாப்பாட்டுத் தூக்கை அன்று நான் திறக்கவே இல்லை.

நான்கு மணிக்கு ஐம்பது தாண்டியது. மீதிப் பேருக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்பினோம். பழக்கம் இல்லாத இடத்திலிருந்து வருகிற மெசேஜ், அவர்கள் சம்மதிக்கிற வரை தனியாக ஒதுங்கிக் கிடக்குமாம். அதனால் அனுப்பினோம் என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. சில பெயர்களை வாடிக்கையாளர்களிடமே காட்டிக் கேட்டோம். "இது எங்க தெரு பையன்தான், நான் சொல்லிக்கறேன்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். கடை மூடும்போது ஒன்பது பெயர் மீதி. ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்ததும் பார்த்தேன். இரண்டே பெயர். லாரியும் ரோஜாப்பூவும்.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"சார், நான் ஸ்கூலுக்கு வரல. மண்டபத்தாண்ட போயி நிக்கறேன்."

"ரெண்டு பேருக்காவா? அவனுங்க முகாமுக்கு வர்றவங்களோ இல்லியோ. மண்டபத்து கேட்ல எடம் மாறிடுச்சின்னு பேப்பர் ஒட்டியிருக்குதுய்யா."

"போயி பாத்துடறேன் சார்."

அவர், "நீ ஜனத்தாண்ட பேசுவியா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

கேட்டில் ஒட்டியிருந்த பேப்பரைக் காணவில்லை. அந்த இடத்தில் வாழை மரம் கட்டி, பூவால் வளைவு வைத்திருந்தார்கள். மேளச் சத்தம். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள் நின்றார்கள். நான் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தேன். பட்டுப் புடவை கட்டியவர்கள் கல்யாணத்துக்கு. மற்றவர்களைக் கேட்க வேண்டும். முதல் ஆளிடம் போனேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது ஒரு பெரியவர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "கண்ணு முகாமுக்கா வந்தீங்க?" என்றேன்.

"ஏன்யா, என்னப் பாத்தா குருடன் மாரி இருக்குதா? பொண்ணுக்கு மாமன்யா நானு!"

பன்னீர்ச் சொம்போடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். என் காது எரிந்தது. ஆனால் ஒரு தடவை அசிங்கப்பட்ட பிறகு மறுபடி கேட்பது சுலபமாக இருந்தது. அதன் பிறகு பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "யாருப்பா நீ, கல்யாண வீட்டு வாசல்ல கண்ணு கண்ணுன்னுகினு?" என்று அதட்டினார். சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, நெழல்ல வந்து நில்லு" என்றார்.

எட்டு, எட்டரை, ஒன்பது. போனில் பார்த்தேன். லாரியும் பார்க்கவில்லை, ரோஜாவும் பார்க்கவில்லை. பத்து மணிக்குப் பதிவு முடிந்துவிடும்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஒரு பஸ் நின்றது. ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா கம்பியைத் தடவித் தடவி இறங்கியது. கையில் ஒரு துணிப்பை. தரையைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை வைத்தது. மேளச் சத்தம் வந்த பக்கம் திரும்பி, குழப்பமாக நின்றது. நான் ஓடினேன்.

"யம்மா, கண்ணு முகாமுக்கா?"

"ஆமாங்கய்யா. இதான மண்டபம்? இன்னா, மோளம் அடிக்கறாங்க?"

"முகாம் இங்க இல்லம்மா. திண்டிவனம் ரோட்ல ஸ்கூல்ல."

அந்த அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. "எம்பொண்ணு போன்ல பாத்துட்டுதான் சொல்லிச்சி. மொதல்ல ஸ்கூலுன்னுச்சி. நேத்து பதினோரு மணி போல கூப்ட்டு, யம்மா மாத்திட்டாங்க, மண்டபம், கரெக்டா எறங்குன்னுச்சி. அது மெட்ராஸ்ல கம்பெனில வேல பாக்குது. உள்ள போனா போன் கெடையாது. நேத்து ரெண்டு ஷிப்ட்டு."

தொண்டூரிலிருந்து தனியாக வந்திருக்கிறது. வலது கண்ணில் ஒன்றும் தெரியவில்லையாம், இடது கண்ணில் நிழல்தான். களை எடுக்கப் போனால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறது என்று யாரும் கூலிக்குக் கூப்பிடுவதில்லையாம். நான் அதுவரை பார்க்கிறவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பார்த்தவர் சென்னையில் இருக்கிறார். வந்தவர் என் முன்னால் நிற்கிறார். பட்டியலில் இவர் பெயர் எங்கே வரும்?

"வண்டில ஏறும்மா. நான் அந்தக் கடக்காரன்தான். தப்பா போட்டவன் நான்தான்."

"நீயா?" என்றது. "ஏன்யா, நாங்க கண்ணு தெரியாதவங்கன்னுதான இஷ்டத்துக்கு மாத்தறீங்க?"

மொபெட்டைக் கிளப்பினேன். அந்த அம்மா என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கூட்டு ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் நின்றது. ஹாரன் அடித்து அடித்து என் கட்டை விரல் வலித்தது. ஒன்பது நாற்பத்தெட்டு. டிராக்டர்காரனைப் பார்த்துக் கத்தினேன். நான் கத்துவேன் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பள்ளிக்கூட வாசலில் தங்கச்சி மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. ஒன்பது ஐம்பத்தைந்து. பதிவு நோட்டில் ஒரு வரி எழுதியது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். பத்தே முக்காலுக்கு டாக்டர் சொன்னார், வலது கண் புரை முற்றியிருக்கிறது, வேனில் ஏற்றுங்கள் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மா பையிலிருந்து சின்ன பட்டன் போனை எடுத்தது. மகள் நம்பரைத் தங்கச்சி தன் போனில் போட்டுக்கொண்டது. போட்டதும் அந்த நம்பருக்கு மகள் வைத்திருக்கிற படம் வந்தது. தங்கச்சி அதை என் பக்கம் திருப்பியது. ரோஜாப்பூ.

வேன் போன பிறகு நோட்டை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன். உடனே மறுபடி மண்டபத்துக்குப் போனேன். பதிவு முடிந்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் பன்னிரண்டரை வரை, திருத்தம் மறைகிற வரை நின்றேன். லாரிக்காரர் வரவில்லை. என்னை அதட்டிய மாப்பிள்ளை வீட்டுக்காரர் சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்தது. தடுப்பைத் தாண்டி என் மிஷின் வரைக்கும் வந்து, "நீதான அந்த ஆளு? கொரலு மட்டும்தான் தெரியும்" என்று என் முகத்தை வெகுநேரம் பார்த்தது. எனக்குக் காது சிவந்தது. "தப்பா போட்றவன் மூஞ்சி இப்பிடித்தான் இருக்குமா" என்று சொல்லிவிட்டுப் போனது.

லாரிப் படம் போட்டவரின் பெயர் அதன் பிறகு எங்கள் பட்டியலில் வரவே இல்லை. அவர் முகாமுக்கு வர இருந்தவரா, யாரிடமாவது சொன்னாரா, யாராவது மண்டபம் வரை வந்து மேளச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் போனார்களா, எனக்குத் தெரியாது. நான் வருவதற்கு முன்னால் வந்திருக்கலாம். நான் அந்த அம்மாவோடு போயிருந்த நேரத்தில் வந்திருக்கலாம். நோட்டில் எண்பத்தேழு பெயர் அடித்திருக்கிறது. ஒன்று அப்படியே இருக்கிறது.

இப்போதும் திங்கட்கிழமை மதியம் உட்கார்ந்து வைக்கிறேன். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் முதலில் போனில் அழிக்கிறேன். பிறகுதான் நோட்டில் கோடு. ஒவ்வொரு படத்துக்கும் யார் யார் பார்த்தார்கள் என்று கடைசி வரைக்கும் தள்ளிப் பார்க்கிறேன். எண்ணிக்கையை எழுதுவதற்காக என்று முதலாளி நினைக்கிறார். நான் லாரியைத் தேடுகிறேன். இன்று காலையும் தேடினேன், இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தை பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.